டிவிக்குள்ளேயே டியூனர் இருந்தால் செட்டாப் பாக்ஸ் வேண்டுமா? கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துக் கேள்விகளும் பதில்களும்

பாலக்காட்டுக் கணவாய்க்குள் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம் என்று எல்லையோரமாகவே இருபது வருடமாக டிஷ் கட்டி, டிவி மாட்டி வருகிறேன். இங்கே வீடு கேரளத்தில் இருக்கும், டிவி வாங்குவது பொள்ளாச்சியிலோ கோயம்புத்தூரிலோ, பார்க்க நினைப்பது தமிழ்ச் சேனல். சில வீடுகளில் துபாயிலிருந்து வந்த டிவியும் இருக்கும். இந்தக் கலவையில்தான் டியூனர் பற்றிய குழப்பம் அதிகம். என்னிடம் அடிக்கடி வரும் கேள்விகளை அவரவர் கேட்டபடியே வைத்து, எனக்குத் தெரிந்ததை எழுதியிருக்கிறேன்.

அண்ணா, டிவி அட்டைப்பெட்டியில DVB-T2/C/S2ன்னு போட்டிருக்கு. அப்படின்னா என்ன?

அந்த டிவி மூன்று வழிகளில் வரும் சிக்னலைத் தானே வாங்கிப் படமாக்கும் என்று அர்த்தம். டி2 என்பது தரைவழி. கோபுரத்திலிருந்து காற்றில் வருவதை மாடியில் கட்டிய கம்பி ஆன்டெனா வாங்கித் தரும். சி என்பது தெருவில் கம்பம் கம்பமாக இழுத்து வரும் கேபிள். எஸ்2 என்பது செயற்கைக்கோள், அதாவது டிஷ்.

டியூனர் என்றால் வானொலியில் குமிழைத் திருப்பி நிலையம் பிடிக்கிறோமே, அதே வேலைதான். பல அலைகள் ஒன்றாக வரும்போது வேண்டிய அலையை மட்டும் பிரித்தெடுத்து, அதிலிருக்கும் படத்தையும் ஒலியையும் வெளியே கொண்டுவரும். செட்டாப் பாக்ஸுக்குள்ளும் இதே டியூனர்தான் இருக்கிறது. ஆனால் பாக்ஸில் கூடவே இன்னொன்றும் இருக்கும். பூட்டிய சேனலைத் திறக்கும் சாவி. டிவியில் அது கிடையாது. கீழே வரும் பதில்களில் பாதி இந்த ஒரு வித்தியாசத்திலிருந்து வருகிறவைதான்.

அப்ப கேபிள்காரர் ஒயரை நேரா டிவியில சொருகினா போதாதா? முன்னாடி எல்லாம் அப்படித்தானே இருந்துச்சு?

முன்னாடி இருந்தது அனலாக் கேபிள். பூட்டு இல்லை. ஒயரைச் சொருகி, ஆட்டோ டியூன் கொடுத்தால் சன் டிவி, ஏஷியாநெட் எல்லாம் வரிசையாக வந்து நிற்கும். 2011இல் கேபிள் சட்டத்தைத் திருத்தி நாடு முழுவதையும் நான்கு கட்டமாக டிஜிட்டலுக்கு மாற்றினார்கள். ஊர்ப்புறங்களுக்கான கடைசிக் கட்டம் 2017 மார்ச் 31 அன்று முடிந்தது. அதன்பிறகு கேபிளில் வரும் சேனல்கள் பூட்டித்தான் வரவேண்டும். இலவசச் சேனலும் அப்படித்தான். யார் எந்தச் சேனலுக்குக் காசு கட்டியிருக்கிறார் என்பதைத் தலைமையகத்திலிருந்தே திறந்து மூடுவதற்கான ஏற்பாடு அது.

இப்போதும் ஒயரை நேராகச் சொருகி, சி டியூனரில் ஸ்கேன் கொடுத்துப் பாருங்கள். டிவி சளைக்காமல் தேடும். நூற்றுக்கணக்கில் சேனல் பெயர்கள் வந்து விழும். பெயரைப் பார்த்ததும் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷமாக இருக்கும். சேனலை மாற்றினால் கறுப்புத் திரையில் `Scrambled` அல்லது `Encrypted` என்று வரும், சில டிவியில் பெயருக்குப் பக்கத்தில் `$` குறி நிற்கும். டியூனர் தன் வேலையைச் சரியாகச் செய்துவிட்டது, சாவிதான் இல்லை. இதை டிவி பழுது என்று நினைத்துக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனவர்களை எனக்குத் தெரியும். பழுது இல்லை.

ஆக, கேபிளுக்கு அவர்கள் தரும் பாக்ஸ் கட்டாயம் வேண்டும். சி டியூனர் இருக்கிறதே என்று டிவிக்குக் கூடுதல் விலை கொடுக்க வேண்டாம்.

டிவிக்குப் பின்னால ஒரு கார்டு சொருகற ஓட்டை இருக்கே, அதுல சாவியைப் போட முடியாதா?

முடியும், அதற்காகவே வைத்த இடம்தான் அது. `CI` அல்லது `Common Interface` என்று பக்கத்தில் அச்சிட்டிருப்பார்கள். நிறுவனம் தரும் சின்ன மாட்யூலை அதில் சொருகினால், பாக்ஸே இல்லாமல் டிவி பூட்டைத் திறந்துகொள்ளும். ஐரோப்பாவில் அப்படித்தான் பல வீடுகளில் பார்க்கிறார்கள். ஒரே பாக்ஸை எந்த நிறுவனத்துக்கும் பயன்படுத்தும்படி செய்ய வேண்டும் என்று 2020இல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் பரிந்துரையும் கொடுத்தது. ஆனால் எங்கள் பக்கத்தில் நான் கேட்ட கேபிள்காரர் யாரும் அந்த மாட்யூலைத் தருவதில்லை. இணையத்தில் தனியாக வாங்கினாலும், நிறுவனம் தன் கணக்கில் சேர்க்காத மாட்யூல் எதையும் திறக்காது. அந்தக் காசை வேறு எதற்காவது வைத்துக்கொள்ளுங்கள்.

பொள்ளாச்சியில மாமா வீட்டுல அரசு கேபிள் பாக்ஸ் ஒன்னு சும்மா கிடக்கு. எடுத்துட்டு வந்து நம்ம வீட்டுல போட்டா ஓடுமா?

ஓடாது. கோபாலபுரம் செக்போஸ்ட்டைத் தாண்டினால் கம்பத்தில் வரும் ஒயர் வேறு நிறுவனத்தினுடையது, பூட்டும் வேறு. அந்தப் பாக்ஸில் இருக்கும் சாவி தமிழ்நாடு அரசு கேபிளின் பூட்டுக்கு மட்டும்தான் பொருந்தும். பாக்ஸ் உயிரோடு இருப்பதாக விளக்கு எரியும், அவ்வளவுதான்.

டிடிஎச் பாக்ஸ் கதை வேறு. வானத்திலிருந்து வருவது எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒன்றே. மாமா வீட்டு டிடிஎச் பாக்ஸையும் டிஷ்ஷையும் கழற்றிக் கொண்டுவந்து, இங்கே டிஷ்ஷைச் சரியாகத் திருப்பி, ரீசார்ஜ் செய்தால் ஓடும்.

அப்ப டிடிஎச் டிஷ் ஒயரை டிவி சாட்டிலைட் ஓட்டையில போட்டா?

காசு கட்டிப் பார்க்கும் டிடிஎச் சேனல்களுக்குக் கேபிளுக்குச் சொன்னதேதான். பூட்டு இருக்கிறது, அந்த நிறுவனத்தின் பாக்ஸ் வேண்டும்.

பிறகு இந்த டியூனரால எதுக்குத்தான் பிரயோஜனம்?

எங்கள் ஊருக்கு ஒன்றே ஒன்றுக்கு, ஆனால் நல்ல பிரயோஜனம். டிடி ஃப்ரீ டிஷ். தூர்தர்ஷன் 2004 டிசம்பரில் டிடி டைரக்ட் பிளஸ் என்ற பெயரில் தொடங்கியது. மாதச் சந்தா கிடையாது. இப்போது 93.5 பாகைக் கிழக்கில் நிற்கும் ஜிசாட்-15 செயற்கைக்கோளிலிருந்து வருகிறது. அதில் பெரும்பாலான சேனல்கள் பூட்டாமல் வருகின்றன. பூட்டு இல்லாத இடத்தில் சாவி எதற்கு? எஸ்2 டியூனர் உள்ள டிவி, ஒரு டிஷ், டிஷ்ஷுக்கு முன்னால் நின்று சிக்னலை வாங்கும் எல்என்பி, ஒயர் இருந்தால் போதும். தனிப் பாக்ஸ் வேண்டாம்.

அரசாங்கமும் இதை மனதில் வைத்துத்தான் 2022இல் சாட்டிலைட் டியூனர் உள்ள டிவிகளுக்கென்று ஐ.எஸ். 18112 என்ற தர அளவை வெளியிட்டது. அதற்காக இப்போது கடையில் நிற்கும் எல்லா டிவியிலும் எஸ்2 இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒரே கம்பெனியில் ஒரே அளவு டிவியில்கூட ஒரு மாடலில் இருக்கும், அடுத்ததில் இருக்காது.

என்ன வரும், என்ன வராது என்பதையும் முன்பே சொல்லிவிடுகிறேன். டிடி தமிழ் வரும். பழைய பொதிகைதான், 2024 ஜனவரியில் பெயர் மாறியது. டிடி மலையாளம், மற்ற தூர்தர்ஷன் சேனல்கள், பள்ளிப் பிள்ளைகளுக்கான பி.எம். இ-வித்யா சேனல்கள், நிறைய இந்திச் சேனல்கள் வரும். சன் டிவியும் விஜய் டிவியும் வராது. சீரியல் பார்க்கும் வீட்டில் ஃப்ரீ டிஷ்ஷை மட்டும் கட்டிக் கொடுத்துவிட்டு வந்தால், இரவு ஏழு மணிக்கு எனக்குப் போன் வரும். அதனால் கட்டும் முன்பே வீட்டுப் பெண்களிடம் என்ன பார்ப்பீர்கள் என்று கேட்டுவிடுவேன்.

எங்க டிவியில சாட்டிலைட் டியூனர் இருக்கா இல்லையான்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது?

பின்னால் திருப்பிப் பாருங்கள். கேபிள், ஆன்டெனாவுக்கான துளை வழவழப்பாக இருக்கும், ஒயர் முனையைத் தள்ளிச் சொருகலாம். சாட்டிலைட்டுக்கானது மரையோடு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், எஃப் கனெக்டரைத் திருகி மாட்ட வேண்டும். பக்கத்தில் `SAT`, `LNB IN`, `DVB-S` என்று ஏதாவது எழுதியிருக்கும், சிலவற்றில் `13/18V` என்றும் இருக்கும். அப்படித் தனித் துளை இருந்தால் டியூனர் இருக்கிறது.

ஒரே ஒரு துளைதான் இருக்கிறது என்றால், மெனுவில் சேனல் தேடும் பக்கத்துக்குப் போய் `Satellite` என்ற தேர்வு வருகிறதா பாருங்கள். வரவில்லையென்றால் இல்லை. கடைக்காரர் "எல்லாம் இருக்குங்க சார்" என்று சொல்வதை மட்டும் நம்ப வேண்டாம். ஸ்மார்ட் டிவி என்பதால் டியூனரும் இருக்கும் என்று அவர் நினைத்திருக்கலாம். இரண்டுக்கும் சம்பந்தமில்லை.

வளைகுடாவிலிருந்து கொண்டுவந்த டிவிகளில் எஸ்2 இருப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். அவை இங்கேயும் ஓடும். அமெரிக்காவிலிருந்து வந்ததில் ஏடிஎஸ்சி என்ற வேறு முறை டியூனர் இருக்கும். அது இங்கே எதையும் பிடிக்காது. ஹெச்டிஎம்ஐயில் பாக்ஸ் மாட்டித்தான் பார்க்க வேண்டும்.

எஸ்2 இல்லைன்னா டிவியை மாத்தணுமா?

வேண்டவே வேண்டாம். டிஷ்ஷோடு சேர்த்து ஃப்ரீ டிஷ் பாக்ஸ் சுமார் 2000 ரூபாய்க்குள் முடிந்துவிடும், ஒரு முறைச் செலவு. ஹெச்டிஎம்ஐயில் சொருகினால் போதும்.

நானே டிஷ்ஷைத் திருப்பி டிவியில செட் பண்ண முடியுமா? எப்படி?

பொறுமை இருந்தால் முடியும். போன வருடம் வேலந்தாவளத்தில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் வீட்டில் செய்ததை அப்படியே சொல்கிறேன்.

பொள்ளாச்சியில் வாங்கிய 32 அங்குல டிவி, எஸ்2 இருந்தது. மாடியில் பழைய டிடிஎச் டிஷ் ஒன்று துருப்பிடித்துக் கிடந்தது. சார் தானே ஒயரை டிவியில் மாட்டி ஸ்கேன் கொடுத்திருக்கிறார். ஒரு சேனலும் வரவில்லை. ஆனால் திரையில் `Strength` 80க்கு மேல் நின்றது. "சிக்னல் எண்பது இருக்கு தம்பி, டிவிதான் சரியில்லை" என்றார்.

இங்கேதான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். `Strength` என்பது எல்என்பி உயிரோடு இருக்கிறது, ஒயரில் ஏதோ வருகிறது என்பதை மட்டும் காட்டும். டிஷ் மாமரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாலும் அது 80 காட்டும். நாம் பார்க்க வேண்டியது `Quality`. சார் டிவியில் அது பூஜ்யத்தில் இருந்தது. டிஷ் சரியான செயற்கைக்கோளைப் பார்க்கவில்லை, அல்லது டிவிக்குத் தவறான விவரம் கொடுத்திருக்கிறோம் என்பதற்கு அதுதான் அடையாளம்.

முதலில் மெனு. சேனல் தேடலில் `Satellite` தேர்ந்தெடுத்தோம். பட்டியலில் ஜிசாட்-15 பெயர் இல்லை, `INSAT 4B 93.5E` என்று இருந்தது. முன்பு அதே இடத்தில் நின்ற கோளின் பெயர் அது. இடம் ஒன்று என்பதால் அதையே எடுத்துக்கொள்ளலாம். அதுவும் இல்லாவிட்டால் `User` அல்லது `Other` என்று இருப்பதை எடுக்கலாம். அடுத்து இவற்றை வைத்தோம்:

```
LNB Frequency : 9750/10600
LNB Power     : On
22 kHz        : Auto
DiSEqC        : Off
```

இதில் `LNB Power` முக்கியம். மாடியில் இருக்கும் எல்என்பிக்குத் தனி மின்சாரம் கிடையாது. டிவியே 13 அல்லது 18 வோல்ட்டை அந்த ஒயர் வழியாக மேலே அனுப்ப வேண்டும். இது `Off`இல் இருந்தால் எல்லாம் சரியாக இருந்தும் ஒன்றும் வராது. ஆனால் இதே காரணத்தால், எஃப் கனெக்டரைத் திருகும்போது டிவி பிளக்கைப் பிடுங்கிவிட வேண்டும். நடுக் கம்பி வெளிப் பின்னலைத் தொட்டால் ஷார்ட் ஆகும்.

அடுத்தது டிஷ். எங்கள் ஊரிலிருந்து ஜிசாட்-15 சுமார் 122 பாகைத் திசையில் இருக்கிறது. நேர் கிழக்கைப் பார்த்து நின்று, தெற்கு வரை திரும்ப வேண்டியதில் மூன்றில் ஒரு பங்கு மட்டும் திரும்பினால் அந்தத் திசை. அலைபேசியில் இருக்கும் திசைகாட்டியே போதும், ஆனால் டிஷ்ஷின் இரும்புக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கக் கூடாது. உயரம் சுமார் 67 பாகை, அதாவது அண்ணாந்து பார்க்கும் உயரம். டிஷ் அவ்வளவு மேலே பார்ப்பதாகக் கண்ணுக்குத் தெரியாது. எல்என்பி கீழ்ப்பக்கமாகத் தள்ளி இருக்கும் டிஷ் என்பதால் தட்டு இன்னும் நிமிர்ந்த மாதிரி நிற்கும். அதனால் பின்னால் இருக்கும் பாகை அளவுகோலைப் பார்த்துத்தான் உயரத்தை வைக்க வேண்டும்.

சார் டிஷ் தெற்கே அதிகமாகத் திரும்பியிருந்தது, வேறு நிறுவனத்தின் கோளுக்கு வைத்தது. உயரத்தை 67இல் வைத்து லேசாக இறுக்கிவிட்டு, கிழக்குப் பக்கமாக விரல் அகலம் விரல் அகலமாக நகர்த்தினேன். ஒவ்வொரு நகர்த்தலுக்கும் நான்கைந்து விநாடி காத்திருக்க வேண்டும், டிவி மெதுவாகத்தான் காட்டும். கீழே சாரின் பேத்தி திரையைப் பார்த்து எண்ணைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். பூஜ்யம், பூஜ்யம், திடீரென்று 30. அங்கே நிறுத்தி, உயரத்தைத் துளித்துளியாக மாற்றியதில் 55 வந்தது. எல்என்பியை அதன் பிடியிலேயே லேசாகச் சுற்றியதில் 68.

அப்புறமும் நடுநடுவே பூஜ்யத்துக்கு விழுந்தது. ஒயரில்தான் கோளாறு என்று கனெக்டரைக் கழற்றினால் செம்பு பச்சை பிடித்திருந்தது, உள்ளே தண்ணீர். ஒரு முழம் வெட்டி எறிந்துவிட்டு புது கனெக்டர் போட்டு, ரப்பர் டேப் சுற்றி, எல்என்பிக்குக் கீழே ஒயரை ஒரு வளையமாகத் தொங்கவிட்டேன். மழைநீர் வளையத்தின் அடியில் சொட்டிவிடும், கனெக்டருக்குள் இறங்காது. ஆர்ஜி-6 ஒயர் 30 மீட்டருக்குள் இருந்தால் கவலையில்லை. நடுவில் முறுக்கி ஒட்டுப் போட்ட ஒயர் மட்டும் வேண்டாம்.

கடைசியில் `Blind Scan` கொடுத்தோம். அலைவரிசை எண்கள் தெரியாவிட்டாலும் டிவி தானே எல்லாவற்றையும் துழாவி எடுத்துவிடும். சில டிவியில் இந்தத் தேர்வு இருக்காது, அங்கே `Network` தேடலை `On`இல் வைக்கலாம். `Free Only` என்று ஒன்று இருக்கும், அதைத் தேர்ந்தால் பூட்டிய சேனல்கள் பட்டியலில் வந்து தொல்லை கொடுக்காது. ஸ்கேன் முடிந்ததும் டிடி தமிழைத் தேடி முதல் எண்ணில் வைத்துக் கொடுத்தேன்.

எங்க மாடியில பழைய சன் டைரக்ட் டிஷ் இருக்கு. அதைத் திருப்பணுமா?

சன் டைரக்டும் ஜிசாட்-15இல் ஒளிபரப்பு வைத்திருக்கிறது. அதனால் திருப்பாமலே ஃப்ரீ டிஷ் வந்துவிட வாய்ப்பு அதிகம். முதலில் ஒயரை மாட்டி `Quality` பாருங்கள். ரொம்பப் பழைய டிஷ் 91.5 பாகையைப் பார்த்து வைத்ததாக இருக்கலாம். இரண்டு பாகைதான் வித்தியாசம், கொஞ்சம் அசைத்தால் போதும். இந்த டிஷ்ஷில் சன் டைரக்ட் சேனல்களும் ஸ்கேனில் வந்து விழும், ஆனால் பூட்டியிருக்கும்.

ஒரே டிஷ்ஷிலருந்து டிவிக்கும் டிடிஎச் பாக்ஸுக்கும் ஒயர் பிரிச்சுக் கொடுக்கலாமா?

பத்து ரூபாய் ஸ்பிளிட்டரை வைத்துப் பிரித்தால் சண்டை வரும். எல்என்பியிடம் எந்த வகை அலை வேண்டும் என்று கேட்பதே வோல்ட்டால்தான். 13 என்றால் செங்குத்து அலை, 18 என்றால் கிடைமட்டம். டிவி 13 கேட்கும் நேரத்தில் பாக்ஸ் 18 கேட்டால் இரண்டில் ஒன்றுக்குப் படம் போய்விடும். ஒருவர் சேனல் மாற்றினால் இன்னொரு அறையில் திரை கறுக்கிறது என்று புகார் வந்தால், போய்ப் பார்க்காமலே இதுதான் என்று சொல்லிவிடுவேன். இரண்டு வெளிவழி உள்ள ட்வின் எல்என்பி மாட்டி, ஆளுக்கொரு ஒயர் இழுப்பதுதான் சரி.

இன்னொன்று. கேபிள்காரரின் ஒயரைச் சாட்டிலைட் துளையில் மாட்டாதீர்கள். டிவியிலிருந்து 13/18 வோல்ட் அவர் லைனில் ஏறும்.

தென்னை மரம் மறைக்குமா? மழையில போயிடுமா?

கோள் நல்ல உயரத்தில் இருப்பதால் மரம் அவ்வளவாக மறைக்காது. மாடிக்கு மேல் 7 மீட்டர் எழுந்து நிற்கும் தென்னை, கோள் இருக்கும் திசையில் 3 மீட்டருக்குள் நின்றால்தான் தொல்லை. ஆனால் மட்டை விரிந்து டிஷ்ஷுக்கு மேலே வந்திருந்தால் மறைக்கும். காற்றடிக்கும்போது மட்டும் படம் கட்டம் கட்டமாக உடைந்தால் மட்டையைப் பாருங்கள்.

எங்களுக்கு மரத்தைவிடக் காற்றுதான் எதிரி. ஆடி மாதம் கணவாய்க்குள் அடிக்கும் காற்று டிஷ்ஷைப் பாய்மரம் மாதிரி பிடித்துக்கொள்ளும். ஒரு பாகை திரும்பினாலே `Quality` பாதியாகும். கைப்பிடிச் சுவரில் இரண்டு திருகு போட்டு நிறுத்தியதெல்லாம் ஒரு பருவம் தாங்காது. கான்கிரீட்டில் நான்கு ஆங்கர் போல்ட் போட்டு, கம்பம் அசையாமல் நிற்கிறதா என்று கையால் ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் நான் இறங்குவேன்.

கனமழையில் சில நிமிடம் படம் போவது இயல்பு. இந்த அலைகளை மழைத்துளி விழுங்கிவிடும், பாக்ஸ் வைத்தாலும் போகும். தூறலுக்கே போகிறது என்றால் டிஷ் சரியாகத் திருப்பவில்லை.

ஏப்ரல் மாசம் திடீர்னு சில சேனல் காணாமப் போச்சு. டியூனர் போயிடுச்சா?

போகவில்லை. ஃப்ரீ டிஷ்ஷில் தனியார் சேனல்கள் ஏலத்தில் இடம் எடுக்கின்றன, வருடக் கணக்கு ஏப்ரல் 1இல் மாறும். சில சேனல் போகும், சில புதிதாக வரும், சில இடம் மாறும். பாக்ஸ் பெரும்பாலும் தானே புதுப்பித்துக்கொள்ளும். டிவி அப்படிச் செய்யாது, நாம்தான் மறுபடி ஸ்கேன் கொடுக்க வேண்டும். ஃப்ரீ டிஷ்ஷிலும் ஒன்றிரண்டைப் பூட்டி அனுப்பினால் டிவியால் அவற்றைத் திறக்க முடியாது, அதையும் மனதில் வையுங்கள்.

ஆன்டெனா வெச்சா இலவசமா டிடி வராதா? அப்பா காலத்துல கம்பி ஆன்டெனாதானே?

எங்கள் வீட்டிலும் கொடைக்கானல் பக்கம் திருப்பிய ஆன்டெனா இருந்தது. காக்கை உட்கார்ந்தால் படம் ஆடும். அந்த அனலாக் கோபுரங்களை, முக்கிய இடங்களில் சுமார் ஐம்பதைத் தவிர, 2022 மார்ச்சுக்குள் மூடுவதாகப் பிரசார் பாரதி அறிவித்துச் செய்தது. டி2 டியூனர் பிடிக்கும் டிஜிட்டல் தரைவழி ஒளிபரப்பு 2016இல் சென்னை, பெங்களூரு உட்பட 16 நகரங்களில்தான் தொடங்கியது. கொழிஞ்சாம்பாறையில் ஆன்டெனா ஏற்றி ஸ்கேன் கொடுத்துப் பார்த்தேன், ஒன்றும் வரவில்லை. ஆன்டெனாவுக்குச் செலவு செய்யாதீர்கள்.

டியூனர் இருந்தும் பாக்ஸ் வைக்கிறதுல ஏதாவது நன்மை இருக்கா?

ஒன்று இருக்கிறது, பெரிய ஒன்று. இடி. சித்திரையிலும் ஐப்பசியிலும் இங்கே மாலை நேரத்து இடி எப்படி இருக்கும் என்று தெரியும். மாடியில் இரும்பு டிஷ், அதிலிருந்து ஒரு செம்புக் கம்பி நேராக டிவிக்குள் போகிறது. பக்கத்தில் எங்காவது இடி விழுந்தாலும் அந்த ஒயரில் மின்சாரம் பாயும். பாக்ஸ் இருந்தால் பெரும்பாலும் முதல் அடி பாக்ஸுக்கு. டிவியின் டியூனரிலேயே மாட்டியிருந்தால் அடி மெயின் போர்டுக்கு.

என் தங்கை வீட்டில் அப்படித்தான் போனது. துலாம் மாத மழை, யாரும் ஒயரைக் கழற்றவில்லை. மறுநாள் டிவி ஆன் ஆகிறது, ஹெச்டிஎம்ஐயில் படம் வருகிறது, சாட்டிலைட்டில் மட்டும் `Strength` கூட பூஜ்யம். போர்டு மாற்றக் கேட்ட தொகை டிவி விலையில் பாதி. நான்தான் மாட்டிக் கொடுத்தவன் என்பதால் இன்றைக்கும் மனசு கேட்கவில்லை. அதற்குப் பிறகு டிஷ் கம்பத்துக்கு எர்த் போடாமல் யாருக்கும் டிவியில் நேராகக் கொடுப்பதில்லை. அப்படிப் போட்டாலும், மேகம் கறுத்தால் மின்பிளக்கை மட்டும் பிடுங்கினால் போதாது. பின்னால் திருகிய ஒயரையும் கழற்றுங்கள். வயதானவர்கள் மட்டும் இருக்கும் வீடு, டிவியைச் சுவரோடு ஒட்டி மாட்டிவிட்டார்கள், பின்னால் கை போகாது என்றால், எஸ்2 டியூனர் இருந்தாலும் நான் பாக்ஸ்தான் வைக்கச் சொல்வேன்.